ஸ்கோர்கார்டில் வந்த மார்க் சரிதானா? கேட் நார்மலைசேஷனை வீட்டிலேயே சரிபார்க்கலாம்

கேட் தேர்வு முடிவு வந்த அன்று மாலை ஒரே மாதிரியான போன் இரண்டு மூன்றாவது வரும். "சார், ஆன்சர் கீயை வைத்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு மார்க் வருகிறது, ஸ்கோர்கார்டில் வேறு மார்க் இருக்கிறது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது." பதற்றம் நியாயமானதுதான். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. ஆனால் சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற தாள்களில் நாம் கூட்டிய மார்க்கும் ஸ்கோர்கார்டு மார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை. எழுதுபவர்கள் அதிகம் என்பதால் இந்தத் தாள்களை இரண்டு செஷனாக நடத்துகிறார்கள். 2024-லும் 2025-லும் இவை CE1, CE2 என்றும் CS1, CS2 என்றும் பிரிந்துதான் நடந்தன. காலையில் ஒரு கேள்வித்தாள், மதியம் இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு கடினமாக அமைவது நடக்காத காரியம். அதனால் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, அப்படி வந்த மார்க்கைத்தான் ஸ்கோர்கார்டில் அச்சிடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் நார்மலைசேஷன்.

அப்படி மாற்றியதில் பிழை இல்லை என்று நாமே உறுதி செய்துகொள்ள முடியுமா? முடியும். பிளஸ் டூ கணக்கு போதும். கூட ஒன்றே ஒன்று வேண்டும்: அதே செஷனில் எழுதிய இரண்டு நண்பர்கள்.

முதலில் எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்ப்போம். ஒவ்வொரு செஷனிலும் இரண்டு அடையாளப் புள்ளிகளை எடுக்கிறார்கள். கீழ்ப்புள்ளி, அந்தச் செஷனில் எழுதியவர்களின் சராசரி மார்க்கும் திட்ட விலக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகை. திட்ட விலக்கம் என்பது மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மார்க் வாங்கியிருந்தால் அது சிறியதாக இருக்கும், சிலர் மிக அதிகமும் பலர் மிகக் குறைவும் வாங்கியிருந்தால் பெரியதாக இருக்கும். மேல்புள்ளி, அந்தச் செஷனின் முதல் 0.1 சதவீதம் பேருடைய சராசரி மார்க். இதே இரண்டு புள்ளிகளை எல்லாச் செஷனையும் ஒன்றாகச் சேர்த்தும் கணக்கிடுகிறார்கள். பிறகு செஷனின் கீழ்ப்புள்ளியை மொத்தத்தின் கீழ்ப்புள்ளி மேல் வைத்து, செஷனின் மேல்புள்ளியை மொத்தத்தின் மேல்புள்ளி மேல் வைத்து, நடுவில் இருப்பவர்களை அதே விகிதத்தில் இழுத்துப் பொருத்துகிறார்கள். ரப்பர் ஸ்கேலை இரண்டு முனையிலும் பிடித்து இன்னொரு ஸ்கேல் மீது பொருத்துவது போல. இரண்டு புள்ளிக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் அதே இழுப்புதான்.

சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான். எழுத்துகள் என் வசதிக்கு வைத்தவை:

```
N = Gq + (Gt - Gq) / (Iq_to_It) × (M - Iq)

Iq_to_It = It - Iq
```

M நீங்கள் உண்மையில் வாங்கிய மார்க், N மாற்றிய மார்க். Iq, It உங்கள் செஷனின் கீழ்ப்புள்ளியும் மேல்புள்ளியும். Gq, Gt எல்லாச் செஷனும் சேர்ந்த கீழ்ப்புள்ளியும் மேல்புள்ளியும்.

இதற்குப் பின்னால் ஒரு அனுமானம் இருக்கிறது. காலையில் எழுதியவர்களும் மதியம் எழுதியவர்களும் கூட்டமாகப் பார்த்தால் ஒரே அளவு திறமை உள்ளவர்கள் என்பதே அது. யாருக்கு எந்தச் செஷன் என்பதைக் குலுக்கல் போலத்தான் ஒதுக்குகிறார்கள், எண்ணிக்கையும் பெரியது, எனவே அனுமானம் பெரும்பாலும் நிற்கும். அப்படியானால் ஒரு செஷனில் சராசரி குறைந்திருந்தால் பிள்ளைகள் மோசம் என்று பொருள் இல்லை, கேள்வித்தாள் கடினம் என்றுதான் பொருள். மொத்தக் கணக்கும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், எந்த வருடத்தின் உண்மையான விவரமும் அல்ல.

காலைத் தாள் கொஞ்சம் கடினம். சராசரி 15, திட்ட விலக்கம் 10, ஆகவே கீழ்ப்புள்ளி 25. முதல் 0.1 சதவீதத்தின் சராசரி 75. மதியத் தாள் எளிது. சராசரி 18, விலக்கம் 12, கீழ்ப்புள்ளி 30. மேல்புள்ளி 82.5. இரண்டையும் சேர்த்தால் சராசரி 16.5, விலக்கம் 11.1, கீழ்ப்புள்ளி 27.6. மேல்புள்ளி 80.1 என்று வைத்துக்கொள்வோம்.

காலைச் செஷனில் இரண்டு புள்ளிக்கும் இடைவெளி 50. மொத்தத்தில் அதே இடைவெளி 52.5. வகுத்தால் 1.05. அதாவது காலைச் செஷனில் ஒரு மார்க், பொது அளவுகோலில் 1.05 மார்க். காலையில் 50 வாங்கியவர் கீழ்ப்புள்ளியிலிருந்து 25 மார்க் மேலே இருக்கிறார். 25-ஐ 1.05-ஆல் பெருக்கினால் 26.25. அதோடு 27.6 சேர்த்தால் 53.85. மதியத்தில் இடைவெளி 52.5, மொத்தத்திலும் 52.5, எனவே இழுப்பு இல்லை, நகர்த்தல் மட்டும்தான். 30 இருந்த இடம் 27.6-க்கு வருகிறது, எல்லோருக்கும் 2.4 குறைகிறது. மதியம் 50 வாங்கியவருக்கு 47.6.

"உழைத்து வாங்கிய 2.4 மார்க்கைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று மதியம் எழுதிய பிள்ளை வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே தாளை எழுதிய அத்தனை பேருக்கும் அதே 2.4 குறைந்திருக்கிறது. அந்தச் செஷனுக்குள் யாரும் யாரையும் தாண்டிப் போகவில்லை. மாறியது காலையில் எழுதியவர்களோடு உள்ள ஒப்பீடு மட்டும்.

இப்போது சரிபார்ப்புக்கு வருவோம். ஒவ்வொரு செஷனின் சராசரியும் விலக்கமும் நம் கையில் இருக்காது. அது இல்லாமல் சூத்திரத்தில் எண் போட முடியாதே என்று பலரும் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. சூத்திரத்தை உற்றுப் பாருங்கள். ஒரு செஷனுக்குள் M, N இரண்டைத் தவிர மற்ற எல்லாமே மாறாத எண்கள். அப்படியானால் இது ஒரு நேர்கோடு:

```
N = a × M + b
```

ஒரே செஷனில் எழுதிய அத்தனை பேருக்கும் a, b ஒன்றுதான். ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். இரண்டு நண்பர்களின் மார்க் தெரிந்தால் கோடு கிடைத்துவிடும். மூன்றாவதாக உங்கள் மார்க் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும்.

அதற்கு முன் M-ஐ, அதாவது உண்மையான மார்க்கைச் சரியாகக் கூட்ட வேண்டும். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கேட் தாளில் 65 கேள்விகள், 100 மார்க். நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் MCQ கேள்விக்கு மட்டும் நெகட்டிவ் மார்க் உண்டு. ஒரு மார்க் கேள்வி தவறானால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்வி தவறானால் மூன்றில் இரண்டு பங்கு குறையும். ஒன்றுக்கு மேல் சரியான விடை உள்ள MSQ-க்கும், எண்ணைத் தட்டச்சு செய்யும் NAT-க்கும் நெகட்டிவ் இல்லை. MSQ-வில் பாதி மார்க்கும் கிடையாது. சரியான எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, தவறான எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால்தான் மார்க். NAT-க்குக் கீயில் பெரும்பாலும் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். 2.4 முதல் 2.6 வரை என்று இருந்தால் உங்கள் 2.38 தவறுதான், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும்.

கூட்டும்போது இறுதி ஆன்சர் கீயை வையுங்கள். முதலில் வரும் கீயின் மேல் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருவார்கள், அதற்குப் பிறகு சில விடைகள் மாறலாம், சில கேள்விகளுக்கு MTA என்று போட்டு எல்லோருக்கும் மார்க் தரலாம். CE1 எழுதிவிட்டு CE2 கீயை வைத்துக் கூட்டியவரையும் நான் பார்த்திருக்கிறேன், எனவே மேலே எழுதியிருக்கும் தாள் பெயரை ஒருமுறை பாருங்கள். கேள்வியின் வரிசை எண்ணை மட்டும் நம்பாமல் கேள்வியையே படித்துக் கீயோடு பொருத்துவது நல்லது. அப்புறம், மூன்றில் ஒரு பங்கை 0.33 என்று ஒவ்வொரு தடவையும் கழிக்காதீர்கள். சரியானவற்றைத் தனியே கூட்டுங்கள், நெகட்டிவை மூன்றில் ஒரு பங்குகளாக எண்ணிவையுங்கள், கடைசியில் ஒரே தடவை வகுத்துக் கழியுங்கள். 12 தவறு இருந்தால் சரியாக 4 மார்க். 0.33 என்று கழித்தால் 3.96 வரும். அந்த 0.04 பின்னால் வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

மேலே சொன்ன காலைச் செஷனில் பாலு, செல்வி, கவிதா மூன்று பேரும் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலு கூட்டிய மார்க் 31.33, ஸ்கோர்கார்டில் 34.25. செல்வி கூட்டியது 62, ஸ்கோர்கார்டில் 66.45. கவிதா கூட்டியது 47.67, ஸ்கோர்கார்டில் 50.00. போன் செய்தது கவிதா என்று வையுங்கள்.

பாலுவுக்கும் செல்விக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்போம். ஸ்கோர்கார்டு மார்க்கில் 66.45-லிருந்து 34.25 போனால் 32.20. கூட்டிய மார்க்கில் 62-லிருந்து 31.33 போனால் 30.67. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் a, அதாவது 1.05. b கண்டுபிடிக்க செல்வியின் 62-ஐ 1.05-ஆல் பெருக்கினால் 65.10, அதை 66.45-லிருந்து கழித்தால் 1.35. கோடு கிடைத்துவிட்டது:

```
N = 1.05 × M + 1.35
```

யாருடைய சராசரியும் விலக்கமும் தெரியாமலே செஷனின் கோடு நம் கைக்கு வந்துவிட்டது. இதில் கவிதாவின் 47.67-ஐப் போட்டால் 51.40 வர வேண்டும். ஸ்கோர்கார்டில் 50.00 இருக்கிறது. 1.40 குறைகிறது.

இங்கே அவசரப்பட்டு நார்மலைசேஷன் தப்பு என்று முடிவு கட்டக்கூடாது. அந்த 1.40-ஐ 1.05-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.33. இந்த எண் எங்கிருந்தோ வந்ததல்ல. ஒரு மார்க் MCQ ஒன்றைச் சரி என்று நினைத்து ஒரு மார்க் சேர்த்திருக்கிறோம், உண்மையில் அது தவறு, ஒரு மார்க்கும் போய் மூன்றில் ஒரு பங்கும் குறைந்திருக்கிறது. மொத்தம் 1.33. கவிதா தன் ரெஸ்பான்ஸ் ஷீட்டை எடுத்து ஒரு மார்க் MCQ-க்களை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். முதல் கீயில் சரியாக இருந்து இறுதிக் கீயில் மாறிய கேள்வி ஒன்று அங்கே அகப்படும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வித்தியாசத்தின் அளவே தவறு எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கிறது. a-ஆல் வகுத்த பிறகு 0.33 வந்தால் ஒரு மார்க் MCQ-வின் நெகட்டிவைக் கழிக்க மறந்திருப்போம். 0.67 வந்தால் இரண்டு மார்க் MCQ-வின் நெகட்டிவ். 2.67 வந்தால் இரண்டு மார்க் MCQ ஒன்றைச் சரி என்று எண்ணியிருக்கிறோம், அது தவறு. முழுசாக 1 அல்லது 2 வந்தால் MSQ, NAT பக்கம் பாருங்கள். இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்தால் 1.33 என்பது இரண்டு 0.67-ஆகவும் இருக்கலாம், எனவே இதைத் தீர்ப்பாக எடுக்காமல் எங்கே தேடுவது என்பதற்கான துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கு எதிலும் அடங்காத வித்தியாசம், உதாரணமாக 0.5, வந்தால் கோட்டையே சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் நண்பர் ஒருவர் தன் மார்க்கைத் தவறாகக் கூட்டியிருப்பார், அல்லது அவர் வேறு செஷனில் எழுதியிருப்பார்.

அதனால்தான் முடிந்தால் நான்கைந்து பேரைச் சேருங்கள் என்பேன். ஒரு கட்டத்தாளில் குறுக்கே கூட்டிய மார்க், நெடுக்கே ஸ்கோர்கார்டு மார்க் என்று புள்ளி வைத்தால் நால்வர் கோட்டில் இருப்பார்கள், ஒருவர் விலகி நிற்பார். தவறு யாருடையது என்று கண்ணாலேயே தெரியும். இரண்டு பேரை மட்டும் வைத்துக் கோடு போடுவதாக இருந்தால், மார்க் நன்றாக விலகி இருப்பவர்களாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்கோர்கார்டு இரண்டு தசம இடத்துக்குத்தான் தருகிறது. 48-உம் 49-உம் வாங்கிய இருவரை எடுத்தால் கடைசி இலக்கத்தின் சிறு பிசகே a-வை 0.01 வரை நகர்த்திவிடும், அதை வைத்து 75 வாங்கியவரைச் சோதித்தால் கால் மார்க் போல விலகும். 30-உம் 60-உம் வாங்கியவர்கள் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கோடு கிடைத்ததும் இன்னொன்றையும் கவனியுங்கள். காலைச் செஷனின் a 1-ஐ விடப் பெரியது, எனவே மேலே போகப்போக ஏற்றம் கூடுகிறது. 40 வாங்கியவருக்கு 3.35 ஏறுகிறது, 60 வாங்கியவருக்கு 4.35. "அவனுக்கு மட்டும் ஏன் ஒரு மார்க் அதிகம்" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். 95 வாங்கியவருக்கு என்ன வரும் என்று போட்டுப் பாருங்கள், 101.10. சூத்திரம் நூறைத் தாண்டுவது பிழை அல்ல, கோட்டுக்கு 100-இல் சுவர் இல்லை.

உங்கள் செஷன் நண்பர்கள் யாருமே கிடைக்கவில்லை என்றால் அடுத்த படியையாவது சரிபார்க்கலாம். ஸ்கோர்கார்டில் மார்க்கைத் தவிர கேட் ஸ்கோர் என்று ஒரு முழு எண்ணும் இருக்கும். அது மாற்றிய மார்க்கிலிருந்து வருவது:

```
Score = 350 + 550 × (M - Mq) / (Mt - Mq)
```

இங்கே M என்பது ஸ்கோர்கார்டில் உள்ள மாற்றிய மார்க். Mq பொதுப் பிரிவின் தகுதி மார்க், 25 அல்லது சராசரியும் விலக்கமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது பெரியதோ அது. Mt முதல் 0.1 சதவீதம் பேர் அல்லது முதல் பத்துப் பேர், இரண்டில் எதில் ஆட்கள் அதிகமோ அவர்களின் சராசரி. Mq-இல் இருப்பவருக்கு ஸ்கோர் 350, Mt-இல் இருப்பவருக்கு 900. Mq-ஐ 27.6 என்று வைத்தால் செல்வியின் 66.45-க்கு ஸ்கோர் 757. இதைப் பின்னாலிருந்து போட்டால் Mt 80.10 என்று வரும். மதியம் எழுதிய ஒருவர், மார்க் 47.60, ஸ்கோர் 560 என்று வைத்திருக்கிறார். அவருடைய எண்களைப் பின்னாலிருந்து போட்டால் Mt 79.98 வருகிறது. ஸ்கோரை முழு எண்ணாக்குவதால் வரும் சிறு வித்தியாசம்தான் இது. காலை, மதியம் எதுவானாலும் Mt ஒன்றாகவே வர வேண்டும், ஏனென்றால் இந்தப் படியில் செஷன் என்ற பேச்சே கிடையாது. 350-க்குப் பக்கத்தில் ஸ்கோர் உள்ளவர்களை இதற்கு எடுக்காதீர்கள், அங்கே முழு எண்ணாக்கும் பிசகு பெரிதாகத் தெரியும்.

இந்தச் சோதனையால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே கோட்டில் இருக்கிறார்கள் என்றால் உங்கள் செஷனில் எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள், உங்கள் மார்க் அதில் சரியாக ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோடே சரியான இடத்தில் போடப்பட்டதா என்பதை நண்பர்களின் மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குச் செஷனின் முழு மார்க் பட்டியல் வேண்டும். கோட்டின் மேல்முனையும் சிலரைத்தான் நம்பி நிற்கிறது. 60,000 பேர் எழுதிய செஷனில் 0.1 சதவீதம் என்பது 60 பேர், 5,000 பேர் என்றால் ஐந்தே பேர். ஐந்து பேரில் ஒருவர் அசாத்தியமாக எழுதிவிட்டால் கோட்டின் சாய்வே மாறும். சிறிய செஷன்களில் இந்த முறையை நான் தயங்கித்தான் ஏற்பேன். இன்னொன்று, கடினம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலைத் தாளில் உங்களுக்குப் பழக்கமில்லாத பாடத்திலிருந்து நான்கு கேள்வி வந்து நீங்கள் மட்டும் தடுமாறியிருந்தால் அதைச் சராசரி பிடிக்காது.

இந்த நேர்கோட்டு வித்தையை ஜே.இ.இ. மெயின் எழுதிய தம்பி தங்கைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே மார்க்கை இழுத்துப் பொருத்துவதில்லை. அந்தச் செஷனில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் மார்க் அல்லது அதற்குக் கீழ் வாங்கினார்கள் என்பதே ஸ்கோர், அதாவது பெர்சன்டைல், அதை ஏழு தசம இடம் வரை தருகிறார்கள். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் அங்கே ஐந்து மார்க் பெரிய தாவலைத் தரும், உச்சியில் அதே ஐந்து மார்க் மிகச் சிறிய நகர்வைத்தான் தரும், எனவே புள்ளிகள் வளைந்துதான் போகும். அங்கே நண்பர்களை வைத்துச் சரிபார்க்கக்கூடியது வரிசை மட்டும்: ஒரே செஷனில் ஒரே மார்க் என்றால் ஒரே பெர்சன்டைல், கூடுதல் மார்க் என்றால் கூடுதல் பெர்சன்டைல். மூன்று பாடங்களின் பெர்சன்டைலைக் கூட்டி மூன்றால் வகுத்து, மொத்தப் பெர்சன்டைல் தப்பாக வந்திருக்கிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மொத்தத்துக்கு மொத்த மார்க்கை வைத்துத் தனியாகவே கணக்கிடுகிறார்கள், அது சராசரியோடு பொருந்த வேண்டியதில்லை.

கேட் எழுதியவர்களுக்கு நாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீயின் மேல் ஆட்சேபம் சொல்ல முடிவதெல்லாம் முதல் கீ வந்த பிறகு தரும் சில நாட்களுக்குள்தான். ரிசல்ட் வந்தபின் மறுகூட்டல் கிடையாது. ஆகவே ரெஸ்பான்ஸ் ஷீட் வெளியான அன்றே அதை இறக்கி வைத்து, 65 கேள்விக்கும் உங்கள் விடை, கீயின் விடை, மார்க் என்று மூன்று பத்தியில் எழுதி ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதிக் கீ வந்ததும் மாறிய வரிகளை மட்டும் திருத்தினால் போதும். கவிதாவைப் போல ஒரு நிலை வந்தால் அந்த 1.33 எந்த வரியில் இருக்கிறது என்று அந்தத் தாளிலேயே விரல் வைத்துக் காட்டிவிடலாம்.